டஜனில் வாங்கி எண்ணிக்கையில் விற்கிறீர்களா?

ஆம்பூரில் செருப்பு, ஷூ தைக்கும் கூடங்களுக்கு பக்கிள், ஆணி விற்கும் சிறு கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பக்கிளை டஜன் கணக்கில் வாங்கி எண்ணிக்கையில் விற்கிறார்கள். ஆணியைப் பெட்டியாக வாங்கி கிராமில் நிறுத்துத் தருகிறார்கள். இதற்கு அக்சஸில் ஆர்டர் புரோகிராம் எழுதுபவர்கள் முதலில் தடுமாறுவது இருப்புக் கணக்கில்தான்.

இருப்பை எப்போதும் மிகச் சிறிய அலகில் மட்டும் வையுங்கள். பக்கிளுக்கு எண்ணிக்கை, ஆணிக்கு கிராம். StockQty என்ற ஃபீல்டை Long Integer ஆக அமைக்கவும். 20 டஜன் பக்கிளை டஜன் ரூ.40 வீதம் வாங்கினால் 240 பக்கிள், மொத்தம் ரூ.800. அதில் 30 விற்றால் மீதி 210. திரையில் டஜனாகக் காட்ட, க்வெரியில் இப்படி எழுதவும்:

```
Dozen: [StockQty] \ 12
Pieces: [StockQty] Mod 12
```

17 டஜன் 6 என்று விடை வரும். இதையே கடைக்காரர் 17.6 என்று டைப் செய்தால்தான் வம்பு. கம்ப்யூட்டர் அதை 12ஆல் பெருக்கி 211.2 என்று எடுத்துக்கொள்ளும். 1 கிலோ 50 கிராமை 1.50 என்று அடிப்பதும் இதே தவறுதான். 450 கிராம் கூடிவிடும். எனவே டஜனுக்கும் உதிரிக்கும், கிலோவுக்கும் கிராமுக்கும் தனித்தனிக் கட்டங்கள் கொடுங்கள். பழைய பதிவுகளில் பக்கிள் எண்ணிக்கை பின்னமாக வந்தால், இந்தப் பிழை நடந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

அடுத்தது விலை. ஒரு பக்கிள் 3.33 ரூபாய் என்று சுருக்கிச் சேமித்தால் 30 பக்கிளின் அடக்கம் ரூ.99.90 ஆகிறது. சரியான தொகை ரூ.100. அதனால் மொத்தத் தொகையையும் மொத்த எண்ணிக்கையையும் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது 800 × 30 ÷ 240 என்று கணக்கிடவும்.

டஜன் என்றால் என்றும் 12தான். பெட்டி அப்படியல்ல. 500 கிராம் பெட்டிகள் 10 வாங்கினீர்கள். இருப்பு 5000 கிராம். பின்னர் அதே ஆணி 450 கிராம் பெட்டியில் வரத் தொடங்குகிறது. பொருள் டேபிளில் உள்ள அளவை மட்டும் மாற்றினால் பழைய பில்லும் 4500 கிராம் என்று மாறி, 500 கிராம் காணாமல் போகும். எனவே அன்றைய பெட்டி அளவை ஒவ்வொரு கொள்முதல் வரியிலும் Factor என்ற ஃபீல்டில் பதியுங்கள்:

```
BaseQty: [Qty] * [Factor]
```

கடைசியாக ஒரு எச்சரிக்கை. பதப்படுத்திய தோலுக்கு இந்த முறை பொருந்தாது. தோல் சதுர அடியில் விலை போகிறது. ஆனால் ஒவ்வொரு தோலும் ஒவ்வொரு அளவு. ஒரு தோலுக்கு இத்தனை சதுர அடி என்று நிலையான எண் கிடையாது. அளந்து பின்புறம் குறித்திருக்கும் பரப்பையே தோல்வாரியாகப் பதிந்து, எண்ணிக்கையையும் பரப்பையும் இரண்டு தனி இருப்புகளாக வைக்கவும்.