மாமாவின் இறால் குளமும் நான்கு கட்டங்களும்

உயர்தர வர்த்தகப் பிரிவு

சிலாபத்திலிருந்து புத்தளம் வரை பஸ்ஸில் போகிறவர்களுக்கு இறால் குளங்கள் புதிதல்ல. அவற்றில் பல குளங்களுக்கு ஒல்லாந்தர் கால்வாயும் அதோடு சேர்ந்த களப்புகளுமே நீர் தருகின்றன. கழிவு நீர் போவதும் அங்கேதான். ஒருவர் வெளியேற்றியதை அடுத்தவர் உள்ளே இழுக்கிறார். 1996இல் வெண்புள்ளி நோய் இப்பகுதியைத் தாக்கியபோது, அது குளத்துக்குக் குளம் பரவ இந்த நீர்வழி பெரிதும் உதவியது.

என் மாமாவும் அப்போது ஒரு சிறிய குளம் வைத்திருந்தார். "நோய்த் தண்ணியெண்டு தெரிஞ்சும் ஏன் மாமா திறந்து விட்டீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "நான் மறிச்சு வெச்சா மட்டும் பக்கத்துக் குளத்துக்காரன் மறிப்பானா மகள்?" என்றார். அந்தப் பதிலை ஓர் அட்டவணையாக எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரை.

இரண்டு குளங்களை மட்டும் எடுப்போம். எண்கள் நான் கற்பனை செய்தவை. எல்லாம் இலட்சம் ரூபாவில். நல்ல அறுவடையின் இலாபம் 10. கழிவு நீரைத் தனிக் குளத்தில் தேக்கி, குளோரின் இட்டுச் சுத்திகரித்து விட 3 செலவாகும். சுத்திகரிக்காமல் திறந்து விட்டால் செலவில்லை. ஆனால் அயலவருக்கு 5 நட்டம்.

| | அயலவர் சுத்திகரிக்கிறார் | அயலவர் திறந்து விடுகிறார் |
|---|---|---|
| மாமா சுத்திகரிக்கிறார் | 7, 7 | 2, 10 |
| மாமா திறந்து விடுகிறார் | 10, 2 | 5, 5 |

ஒவ்வொரு கட்டத்திலும் முதல் எண் மாமாவுடையது, இரண்டாவது அயலவருடையது. மாமா மட்டும் சுத்திகரித்தால், 10இல் செலவு 3உம் நட்டம் 5உம் போக அவருக்கு மிஞ்சுவது 2.

இனி சமநிலையைத் தேடுவோம். அயலவரின் முடிவை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, அந்த நிரலில் மாமாவின் எண்களை மட்டும் மேலும் கீழும் ஒப்பிட வேண்டும். அயலவர் சுத்திகரித்தால் மாமாவுக்கு 7ஐ விட 10 மேல். அயலவர் திறந்து விட்டால் 2ஐ விட 5 மேல். இந்த 10க்கும் 5க்கும் கீழே கோடிடுங்கள். பிறகு மாமாவின் முடிவைப் பிடித்துக்கொண்டு, நிரையில் அயலவரின் எண்களை ஒப்பிட்டு அவ்வாறே கோடிடுங்கள். இரண்டு எண்களுக்கும் கோடு விழுந்த கட்டமே நாஷ் சமநிலை. இங்கே அது 5, 5. அதிலிருந்து தனியாக விலகும் எவரும் 5ஐ விட்டு 2க்கு இறங்குவார்.

மற்றவர் எதைச் செய்தாலும் ஒருவருக்கு ஒரே வழிதான் கூடிய பயன் தருமென்றால், அது அவருடைய மேலாதிக்க உத்தி. இங்கே இருவருக்கும் அது திறந்து விடுவதே. நான் முதலில் செய்த பிழை, கூட்டுத்தொகை 14 வரும் 7, 7ஐச் சமநிலை என்று எழுதியது. அது இருவருக்கும் நல்ல கட்டம்தான். ஆனால் அங்கே நிற்கும் ஒவ்வொருவருக்கும் விலகினால் 10 கிடைக்கும். ஆகவே அது நிலைக்காது.

இருவரும் தமக்கு நல்லதைத் தெரிந்தும் இருவருக்குமே குறைவான இடத்தில் முடிவதுதான் கைதிகளின் இக்கட்டு. 1950இல் மெரில் பிளட், மெல்வின் டிரெஷர் ஆகியோர் இந்த ஆட்டத்தை அமைத்தார்கள். தனித்தனியே விசாரிக்கப்படும் இரு கைதிகளின் கதையை அதற்குப் பொருத்தியவர் அல்பர்ட் டக்கர்.

காரணம் எங்கே இருக்கிறது? செலவு 3 மாமாவின் கையிலிருந்து போகிறது. நட்டம் 5 அயலவரின் எண்ணில் விழுகிறது. மாமா ஒப்பிடும் எண்களில் அது வருவதே இல்லை. நட்டம் 5 அல்லாமல் 2ஆக இருந்தால், இருவரும் திறந்து விடும்போது ஆளுக்கு 8 கிடைக்கும். அது 7ஐ விட மேல். அப்போதும் திறந்து விடுவதே மேலாதிக்க உத்தி, ஆனால் இக்கட்டு இல்லை. ஆகவே மேலாதிக்க உத்தியைக் கண்டவுடனே இக்கட்டு என்று எழுதிவிடக் கூடாது. சமநிலையை விட இருவருக்கும் மேலான கட்டம் ஒன்று உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

இதிலிருந்து மீள அட்டவணையின் எண்களே மாற வேண்டும். திறந்து விடுபவருக்கு 4 தண்டம் என்று வையுங்கள். 10 என்பது 6 ஆகிறது, 5 என்பது 1 ஆகிறது. இப்போது 7க்கு எதிரே 6, 2க்கு எதிரே 1. சுத்திகரிப்பதே மேலாதிக்க உத்தியாகி, சமநிலை 7, 7க்கு நகர்கிறது. தண்டம் 3ஐத் தாண்டினால் போதும். ஆனால் நான்கு தடவைக்கு ஒரு தடவைதான் பிடிபடுவார் என்றால், அது 12ஐத் தாண்ட வேண்டும்.

பின்னாளில் நம் பகுதியில் நக்டா அதிகாரசபையும் பண்ணையாளர் சங்கங்களும் சேர்ந்து, எந்த வலயம் எந்த மாதங்களில் குஞ்சு விடலாம் என்று நாட்காட்டி போட்டார்கள். தனித்தனியே எடுத்த முடிவை ஊராகச் சேர்ந்து எடுக்கும் முயற்சி அது.

அட்டவணையை மாமாவிடம் காட்டினேன். 2 என்ற எண்ணில் விரலை வைத்தார். "இதுக்குத்தான் மகள் பயந்தேன்" என்றார்.