ஸ்டாப் லாஸைத் தாண்டி விழும் விலை: எந்தச் சோதனை யாருக்கு?

ஸ்டாப் லாஸ் என்பது விலைக்கான உத்தரவாதம் அல்ல. ட்ரிக்கர் விலை தொடப்பட்டதும் சந்தைக்குப் போகும் ஆர்டர் மட்டுமே அது. முந்தைய நாள் முடிவுக்கும் மறுநாள் தொடக்கத்துக்கும் நடுவே விலையே இல்லையென்றால், மார்க்கெட் ஆர்டர் கீழே கிடைக்கும் விலைக்கு விற்றுவிடும். லிமிட் ஆர்டரோ விற்காமல் தொங்கி நிற்கும். ஆகவே போர்ட்ஃபோலியோவின் நட்டத்தை ஸ்டாப் விலையில் கணக்கிடாமல், இடைவெளிக்குப் பிந்தைய விலையில் கணக்கிட வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

பழைய சரிவை இன்றைய கையிருப்பில் ஓட்டுவது

2020 மார்ச் 23 அன்று நிஃப்டி முந்தைய முடிவான 8,745-லிருந்து 7,946-இல் தொடங்கியது. அதாவது தொடக்கத்திலேயே சுமார் 9% இறக்கம். சிறிது நேரத்தில் 10% சர்க்யூட் தட்டி வணிகம் 45 நிமிடம் நின்றது. நாள் முடிவில் இறக்கம் 13%.

₹10 லட்சம் முதலுடன் ₹20 லட்சம் மதிப்புள்ள நிஃப்டி ஃபியூச்சர்ஸ் வைத்து, 3% கீழே ஸ்டாப் போட்டவரை எடுத்துக்கொள்வோம். அவர் எதிர்பார்த்த நட்டம் ₹60,000. ஃபியூச்சர்ஸும் இன்டெக்ஸ் அளவே இறங்கியதாகக் கொண்டால், தொடக்க விலையில் விற்றாலும் நட்டம் சுமார் ₹1.83 லட்சம். லிமிட் ஆர்டர் தொங்கிப்போனால் நாள் முடிவில் ₹2.6 லட்சம்.

இன்டெக்ஸ் சார்ந்த முதலீட்டுக்கு இந்த வழி போதும். ஆனால் இது நடந்ததை மட்டுமே காட்டும்.

கற்பனைச் சரிவு

சில தனிப் பங்குகளில் பணம் குவிந்திருந்தால் இதுவே பொருத்தம். 2009 ஜனவரி 7 அன்று கணக்கு மோசடி வெளியானதும் சத்யம் பங்கு ஒரே நாளில் முக்கால் பங்குக்கு மேல் மதிப்பிழந்தது. அந்தப் பங்கின் பழைய விலை வரலாற்றில் அப்படியொரு நாள் இல்லை. எனவே ஒவ்வொரு பங்கும் தனியாக 50% விழுந்தால் என்ன ஆகும், எல்லாம் சேர்ந்து 20% விழுந்தால் என்ன ஆகும் என இரண்டையும் கணக்கிட வேண்டும். பீதி நாளில் வெவ்வேறு துறைப் பங்குகளும் ஒன்றாகவே இறங்கும் என்பதால் இரண்டாவது கணக்கைத் தவிர்க்கக் கூடாது.

தலைகீழ்ச் சோதனை

கடன் அல்லது மார்ஜினில் வணிகம் செய்பவர் தாங்கக்கூடிய நட்டத்திலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும். மேற்சொன்னவர் ₹1.5 லட்சம்தான் தாங்குவார் என்றால், ₹20 லட்சத்தில் அது 7.5% இறக்கம். 2020 மார்ச் 23-இன் தொடக்க இடைவெளியே அதை மீறிவிட்டது. 13% சரிவைத் தாங்க, பொசிஷன் ₹11.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அதைக் குறைக்க விருப்பமில்லாதவர் புட் ஆப்ஷன் வாங்கலாம். ஒப்பந்தம் முடியும்வரை அதன் ஸ்ட்ரைக் விலை இடைவெளியால் மாறாது. ஆனால் பிரீமியத்தையும் நட்டக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எந்த வழியிலும், ஸ்டாப் இருப்பதாகவும் இல்லாததாகவும் இருமுறை கணக்கிட வேண்டும். இரண்டு நட்டங்களுக்கும் உள்ள வித்தியாசமே ஸ்டாப் லாஸை நம்பி ஏற்றுக்கொண்ட ஆபத்தின் அளவு.