பூட்டைக் கண்டதும் குறித்து வையுங்கள்

மெட்ராய்ட்வேனியா கேம்களில் வழி தவறுகிறவர்களில் பலர் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். எட்டாத மேடு ஒன்றைக் கண்டால் பத்து முறை குதித்துப் பார்க்கிறார்கள், சலித்துப்போய் வேறு பக்கம் போகிறார்கள், பிறகு அந்த மேட்டை மறந்துவிடுகிறார்கள். குதிக்கும் திறன் கூடிய பிறகு எங்கே திரும்பிப் போவது என்று தெரியாமல் வரைபடம் முழுக்க அலைகிறார்கள்.

இந்த வகை கேம்களில் உலகம் ஆரம்பத்திலேயே பெரும்பாலும் உங்கள் கண்முன் விரிந்து கிடக்கும். ஆங்காங்கே பூட்டுகள் மட்டும் இருக்கும். அந்தப் பூட்டுக்குச் சாவி நீங்கள் பெறப்போகும் ஒரு திறன். 1994இல் வந்த 'சூப்பர் மெட்ராய்ட்' இதை நிறத்தாலேயே சொல்லிவிடும்: சிவப்புக் கதவுக்கு ஏவுகணை, பச்சைக் கதவுக்கு அதைவிடப் பெரிய ஏவுகணை. 2017இல் ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி வெளியிட்ட 'ஹாலோ நைட்' அப்படிச் சொல்லாது. அங்கே பூட்டு ஒரு பள்ளமாகவோ, வழுக்குச் சுவராகவோ, அமிலக் குளமாகவோ, இருட்டறையாகவோ இருக்கும். அதைப் பூட்டு என்று அடையாளம் காண்பதே முதல் வேலை.

அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. நன்றாகக் குதித்தும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடைவெளியில் தவறினால் அது பூட்டு. விரல் நுனி அளவில் ஒரு முறை தவறி, அடுத்த முறை தொட்டுவிட்டால் அது உங்கள் கைப்பழக்கம்தான். வலுவான எதிரி வழியை மறித்தால் அதைப் பெரும்பாலும் பூட்டாகக் கொள்ள வேண்டாம். அவன் முறையைக் கற்றுக்கொண்டால் வீழ்த்தலாம்.

ஹாலோ நைட்டில் வரைபடம் தானாக வராது. கார்னிஃபர் என்ற வரைபடக்காரர் பெரும்பாலான பகுதிகளில் எங்காவது உட்கார்ந்து முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பார். தரையில் காகிதங்கள் சிதறிக் கிடந்தால் அவர் அருகில் இருக்கிறார் என்று அர்த்தம். அவர் விற்பது அரைகுறைப் படம். டர்ட்மவுத் ஊரில் அவர் மனைவி இசெல்டாவின் கடையில் இறகுப் பேனா வாங்கினால்தான் நீங்கள் நடந்த அறைகள் அதில் ஏறும். அதுவும் பெஞ்சில் உட்கார்ந்த பிறகே. ஆகவே முதல் காசில் பேனாவை வாங்குங்கள், அடுத்ததாக நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் திசைகாட்டி. பிறகு அதே கடையில் கிடைக்கும் நான்கு வகைக் குறிகள். உயரத்துக்கு ஒரு வகை, அமிலத்துக்கு ஒன்று, உடைக்க முடியாத தரைக்கு ஒன்று, இருட்டுக்கு ஒன்று என்று பிரித்து வைத்துக்கொண்டு, பூட்டைக் கண்ட அந்த இடத்திலேயே குத்துங்கள்.

இப்போது ஒரு உதாரணம். கிரீன்பாத் பகுதியில் ஹார்னெட்டை வென்றதும் பாயும் திறன் கிடைக்கும். அகலமான பள்ளங்கள் பல இனி உங்களுக்கானவை. உயரமான சுவர்களுக்கு இன்னும் வேளை வரவில்லை. இங்கேதான் பலர் மேல்நோக்கிப் போக முயன்று அலைகிறார்கள். போக வேண்டிய இடம் கீழே, காளான்கள் நிறைந்த ஃபங்கல் வேஸ்ட்ஸ். அதன் ஆழத்தில் மாண்டிஸ் கிராமத்தில் சுவரைப் பற்றி ஏறும் நகம் இருக்கிறது. அங்குள்ள மாண்டிஸ் தலைவர்களோடு சண்டையிடாமலேயே அதை எடுத்துவிடலாம். நகம் கைக்கு வந்ததும் வரைபடத்தைத் திறந்து, உயரத்துக்கான குறிகளை மட்டும் பாருங்கள். அவற்றில் பெஞ்சுக்கு அருகே உள்ளதிலிருந்து தொடங்குங்கள். மற்ற குறிகளை அப்போது தொடவே வேண்டாம்.

திரும்பி நடப்பது அலுப்பூட்டுவது உண்மைதான். இதைக் குறைக்க, ஹாலோ நைட்டில் புதிய பகுதிக்குள் போனதும் அங்கே வண்டுச் சவாரி நிலையம் இருந்தால் அதை முதலில் திறந்துவிடுங்கள். ஒரு பக்கமிருந்து மட்டும் இயங்கும் நெம்புகோலைக் கண்டால் தவறாமல் தட்டிவிட்டுப் போங்கள். அது அடுத்த முறை பாதி தூரத்தை மிச்சப்படுத்தும். 2024இல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி லாஸ்ட் கிரவுன்' இந்தச் சிரமத்தை நன்றாகவே தீர்த்தது: பூட்டைப் படம் பிடித்து வரைபடத்திலேயே ஒட்டிவிடலாம். அந்த வசதி இல்லாத கேம்களில் கைபேசியில் ஒரு படம் எடுத்துவைத்தாலே போதும்.

எல்லாம் செய்தும் வழி தெரியவில்லை என்றால், வரைபடத்தில் முடிவில்லாமல் திறந்து நிற்கும் அறை ஓரங்களைத் தேடுங்கள். அதுவும் கைகொடுக்காவிட்டால் இணையத்தில் முழு வழிகாட்டியைப் பார்க்காமல், அடுத்த திறன் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பகுதியின் பெயர் தெரிந்தால் போதும், அதற்குமேல் படிக்காமல் மூடிவிடுங்கள்.