வரியை நீக்கினால் விலை குறையுமா? வரியை நீக்க வேண்டுமா?

கேள்வி: பஞ்சு இறக்குமதி வரியை நீக்கச் சொல்கிறார்கள் மில்காரர்கள்; கூடாது என்கிறார்கள் விவசாயிகள். யார் சொல்வது சரி என்று பொருளாதாரம் தீர்த்துச் சொல்லாதா?
– வாசகர், சோமனூர்

பதில்: இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ‘வரியை நீக்கினால் பஞ்சு விலை குறையும்’ என்பது இயல்புரைக் கூற்று. அது தவறாகவும் இருக்கலாம். ஆனால் சோதித்துப் பார்க்க முடியும். ‘வரியை நீக்க வேண்டும்’ என்பது நெறியுரை. யார் நலன் முதலில் என்ற விருப்பம் அதற்குள் இருக்கிறது.

2021 பட்ஜெட்டில் வந்த 11 சதவீத வரியை மத்திய அரசு 2022 ஏப்ரலில் தற்காலிகமாக நீக்கியது. ஆனாலும் மே மாதம் ஒரு கண்டி (356 கிலோ) பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. ‘வரி போனதும் விலை இறங்கும்’ என்ற கணிப்பு பொய்த்தது. அதற்காக, வரி நீக்கத்தால் பயனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அப்போது உலகச் சந்தையிலேயே விலை உச்சத்தில் இருந்தது; கப்பல் சரக்கு வந்துசேர வாரக்கணக்கில் ஆகும். வரி நீடித்திருந்தால் விலை எவ்வளவு இருந்திருக்கும் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும்.

அந்தக் கணக்கு துல்லியமாகத் தெரிந்தாலும், ஸ்பின்னிங் மில் தொழிலாளியின் வேலையா, பருத்தி விவசாயியின் வருமானமா என்பதை அது முடிவு செய்யாது. அதை மக்கள்தான் வெளிப்படையாக விவாதித்து முடிவெடுக்க வேண்டும். ‘நியாயமான விலை’ என்று யாராவது சொன்னால், யாருக்கு நியாயம் என்று கேளுங்கள்.