பாலாடை என்று எழுதிய தம்பிக்கு



மண்டபம் பக்கத்து மீனவர் கிராமங்களுக்கும் அங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமுக்கும் சேர்த்து நீங்கள் எழுதிய வயிற்றுப்போக்கு நோட்டீஸை நேற்று இரவு மூன்று முறை படித்தேன். நோயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல எதுவுமில்லை. ஓ.ஆர்.எஸ். என்ன செய்யும், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதெல்லாம் பிழையில்லாமல் இருக்கிறது. என் கோபம் உங்கள் தமிழ் மீதுதான்.

முதல் பக்கம் இப்படித் தொடங்குகிறது: ‘கொழந்தைக்கு வயித்தால போச்சுன்னா ஒடனே ஒரு பாக்கெட்ட ஒரு லிட்டர் தண்ணில கரச்சு அப்பப்ப குடுங்க.’

மக்கள் பேசுகிற மாதிரியே எழுதினால் மக்களுக்குப் புரியும் என்று நினைத்திருக்கிறீர்கள். நல்ல மனதுதான். ஆனால் பேச்சைக் காது கேட்கிறது, நோட்டீஸைக் கண் படிக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு பெண் படிக்கக் கற்றுக்கொண்டது பாடப்புத்தகத்தில். ‘குழந்தை’ என்ற சொல்லை அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை, முகம் தெரிந்த ஆளைப் போலப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்கிறாள். ‘கொழந்தைக்கு’ என்று அச்சில் பார்த்ததும் அவளுக்குத் தடுக்குகிறது. கொ, ழ, ந் என்று ஒவ்வொன்றாகக் கூட்டுகிறாள். ‘பாக்கெட்ட’ என்பதில் ஒரு சொல் முடிந்ததா, அடுத்த சொல்லோடு ஒட்டியதா என்று நிற்கிறாள். நன்றாகப் படித்தவர்களுக்கு இந்தச் சிரமம் தெரியாது. நாம் கதைகளில் பேச்சுத் தமிழைப் படித்துப் படித்துப் பழகியவர்கள். யாருக்காக எளிமை செய்தீர்களோ அவர்களுக்குத்தான் கஷ்டம் கூடியிருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் எழுதியது யாருடைய பேச்சு? பாம்பன்காரர் ‘குடுங்க’ என்பார். முகாமில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பாட்டி ‘குடுங்கோ’ என்பார். அவருக்கு ‘வயித்தால போச்சுன்னா’ வேற்றூர்ப் பேச்சு. ‘கொடுங்கள்’ என்று அச்சடித்துப் பாருங்கள், இரண்டு பேரும் அதைத் தம் வாயால் தம் பேச்சாக மாற்றிக்கொள்வார்கள். நானே எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். ‘கொடுங்கள்’ என்ற எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டே ‘குடுங்க’ என்று உரக்கப் படிப்பார்கள். அது பிழையன்று. புரிந்துகொண்டு படிக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது. நம் நோட்டீஸில் பாதி இப்படித்தான் வீட்டுக்குள் போகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை படிக்கும், பாட்டி கேட்பாள். வினைமுடிவை எழுத்துத் தமிழில் விட்டுவிடுங்கள். எந்த ஊர் வாய்க்கும் அது வளைந்து கொடுக்கும்.

இதை நான் கற்றது ஒரு மீனவப் பெண்ணிடம். பல ஆண்டுகளுக்கு முன் நானும் உங்களைப் போலவே பேச்சில் எழுதிய ஒரு தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வலையைக் கீழே வைத்துவிட்டு வாங்கிப் படித்தார். ‘கவருமெண்டு தாளுல இப்பிடியா எழுதுவாங்க? எங்களுக்கு ஒழுங்கான தமிழு தெரியாதுன்னு நெனச்சியளா?’ என்றார். அச்சில் வருவது மரியாதையாக வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் அவர்கள். அன்று எனக்குச் சொல்லப் பதில் இல்லை.

சரி, பின்பக்கம் வருகிறேன். இங்கேதான் எனக்கு உண்மையாகவே வருத்தம். முன்பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்து பேசியவர் பின்பக்கத்தில் அலுவலக நாற்காலியில் ஏறிவிட்டார்: ‘துத்தநாக மாத்திரை பதினான்கு நாட்கள் தொடர்ந்து வழங்கப்பட வேண்டும்.’ யார் வழங்க வேண்டும்? நர்ஸம்மாவா, தாயா? ‘வழங்கப்பட வேண்டும்’ என்று எழுதினால், யாரோ கொண்டுவந்து தருவார்கள் என்று தாய் காத்திருப்பாள். துத்தநாகம் அகராதியில் இருக்கும் சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் நர்ஸம்மா சொல்வது ஜிங்க், மருந்துக்கடைக்காரர் சொல்வதும் ஜிங்க். ஒரு தாய் கடையில் போய்த் துத்தநாக மாத்திரை கேட்டால் வெறுங்கையோடுதான் திரும்புவாள். சொல்லின் வேலை அவள் கையில் மாத்திரையைச் சேர்ப்பது. ‘ஜிங்க் மாத்திரையைத் தினம் ஒரு முறை 14 நாள் கொடுங்கள். மூன்றாம் நாளே பேதி நின்றாலும் 14 நாளும் கொடுங்கள்’ என்று எழுதுங்கள். அந்த இரண்டாவது வாக்கியம் உங்கள் தாளில் இல்லவே இல்லை. வீடுகளில் நடக்கும் தவறு அதுதான்: பேதி நின்றதும் மீதி மாத்திரை அலமாரிக்குப் போய்விடும்.

ஆக, முன்பக்கத்தில் சொற்கள் சரி, எழுத்து தவறு. பின்பக்கத்தில் எழுத்து சரி, சொற்கள் தவறு. முன்பக்கத்துச் சொற்களைப் பின்பக்கத்து எழுத்தில் போட்டிருந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன்.

என்னை அதிகம் உறுத்தியது நோயின் பெயர். தலைப்பில் ‘வயிற்றுப்போக்கு’ என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். முகாமில் அதை வயிற்றோட்டம் என்பார்கள். அது சின்ன விஷயம், படித்தால் புரிந்துவிடும். பெரிய விஷயம் வேறு. பச்சையாகப் போனால் மாந்தம், சளியும் ரத்தமுமாகப் போனால் சீதபேதி, கண் குழிந்து சோர்ந்து கிடந்தால் தோஷம் என்று நம் வீடுகளில் பிரித்துப் பார்ப்பார்கள். தாயின் மனதில் இவை வெவ்வேறு நோய்கள். மாந்தத்துக்குக் கைமருந்து, தோஷத்துக்கு மந்திரிப்பு. வயிற்றுப்போக்கு நோட்டீஸ் தன் குழந்தைக்குச் சேராது என்று அவள் நினைத்துவிட்டால் உங்கள் உழைப்பு அங்கேயே வீண்.

வங்கதேசத்தில் இது நடந்தே இருக்கிறது. பிராக் அமைப்பு 1980 முதல் பத்து ஆண்டுகள் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்கு ஓ.ஆர்.எஸ். தயாரிக்கக் கற்றுக்கொடுத்தது. மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். தாய்மார்கள் அதைச் சரியாகவே கற்றார்கள், ஆனால் பயன்படுத்தியது குறைவாக இருந்தது. காரணத்தைத் தேடியபோது, அங்கே தாய்மார்கள் பேதியை நான்காகப் பிரிப்பது தெரிந்தது: தூத் ஹகா, அஜீர்ணோ, அமாஷா, டயரியா. பிராக் ஊழியர்கள் ‘டயரியா’ என்றால் எல்லாமும் என்று நினைத்தார்கள். தாய்மார்களுக்கு டயரியா என்றால் காலரா போல ஊற்றுகிற பேதி மட்டும். மற்ற மூன்றுக்கும் கரைசல் கொடுத்தது மிகக் குறைவு. பிறகு தாய்மார்கள் சொல்லும் பெயர்களைச் சொல்லியே ஊழியர்கள் பாடத்தை மாற்றினார்கள். எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்று நம்மவர்கள் சண்டை போடும்போதெல்லாம் எனக்கு இந்த நான்கு சொற்கள்தான் நினைவுக்கு வரும்.

கரைசலின் பெயரும் அப்படித்தான். ‘உப்பு சர்க்கரைக் கரைசல்’ என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்த தாய், கடையில் வாங்கிய பாக்கெட்டில் சர்க்கரையும் போட வேண்டுமா என்று கேட்பாள். சிலர் கேட்காமலே போட்டுவிடுவார்கள். ஓ.ஆர்.எஸ். என்றே எழுதுங்கள். இலங்கையில் அதன் பெயர் ஜீவனி. முகாமில் அந்தச் சொல்லைச் சொன்னால் வயதானவர்களின் முகம் மலரும். ஒரே ஒரு இடத்தில் அதையும் சேர்த்துவிடுங்கள்.

‘ஒரு லிட்டர்’ என்று எழுதி நிறுத்தியதும் போதாது. ஒரு முறை நான் பார்த்த குழந்தைக்கு, தாய் முழுப் பாக்கெட்டையும் ஒரே டம்ளரில் கரைத்துக் கொடுத்திருந்தாள். அவள் கையிலிருந்த தாளில் ‘தேவையான அளவு குடிநீரில்’ என்றுதான் இருந்தது. உப்பு கூடிப்போய்க் குழந்தை தாகத்தில் தவித்துப் பிறகு மயங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் பிழைத்தது. ஊருக்கு ஊர் டம்ளர் மாறும், சொம்பும் மாறும். இப்போது எல்லா வீட்டிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் கிடக்கிறது, அதுதான் அளவு. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘குழந்தைக்கு ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீர் போல வெளிக்குப் போனால் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். வயிற்றோட்டம், மாந்தம், தோஷம் என்று எந்தப் பெயர் சொன்னாலும் கொடுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து பாத்திரத்தில் ஊற்றுங்கள். ஒரு பெரிய பாக்கெட் பொடி முழுவதையும் அதில் போட்டுக் கரையுங்கள். வேறு எதுவும் சேர்க்க வேண்டாம். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிடுங்கள். மலத்தில் ரத்தம் வந்தாலோ, குழந்தை சோர்ந்து குடிக்காமல் கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.’

200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் கடைகளில் உண்டு. அதனால்தான் ‘பெரிய பாக்கெட்’ என்றேன். பாக்கெட்டின் படத்தையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள். நான் எழுதிக் காட்டியதில் எந்த வாக்கியமும் நீளமில்லை. அத்தனை வினையும் எழுத்துத் தமிழ், சொற்களெல்லாம் வீட்டுச் சொற்கள்.

பேச்சுத் தமிழை அடியோடு விடச் சொல்லவில்லை. ஆட்டோ ஒலிபெருக்கிக்கு நீங்கள் எழுதிய முதல் பக்கம் அப்படியே பொருந்தும். நோட்டீஸிலும் தாய் பேசுவதாக மேற்கோளுக்குள் ஒரு வரி வைக்கலாம்.

இனிப் பாராட்டு. ‘வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, பாலாடையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘பாலாடை’! முப்பது ஆண்டுகளாக நாங்கள் எல்லோரும் கரண்டி, தேக்கரண்டி என்றே எழுதிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டில் கைக்குழந்தைக்கு எதனால் புகட்டுகிறார்களோ அந்தப் பொருளை நீங்கள் ஒருவர்தான் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லை எழுதத் தெரிந்தவருக்கு மற்றவை தெரியாமல் போகாது. அந்த வரியை வெட்டி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். திருத்திய தாளோடு ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டையும் காலி பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பாம்பனில் மூன்று வீட்டுக்கும் முகாமில் மூன்று வீட்டுக்கும் போங்கள். ‘புரிந்ததா’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், எங்கே தடுக்குகிறது என்று பென்சிலால் குறியுங்கள். பிறகு படித்தபடி கரைத்துக் காட்டச் சொல்லுங்கள். என்றைக்குப் போகிறீர்கள் என்று முன்கூட்டிச் சொல்லுங்கள் தம்பி, நானும் வருகிறேன்.