வாரண்டி கார்டைப் படமெடுத்து, புகார் மின்னஞ்சல் எழுதுவது எப்படி?

வாங்கி ரெண்டு வருஷம் தாண்டிய மிக்ஸி திடீரென நின்றுவிட்டது. கடையில் கேட்டால், "வாரண்டி முடிஞ்சுபோச்சுங்க" என்கிறார்கள். உடனே திரும்பி வந்துவிடாதீர்கள். பல மிக்ஸிகளுக்கு முழுப் பொருளுக்கு ஒரு காலமும், மோட்டாருக்கு அதைவிட நீண்ட காலமும் வாரண்டி உண்டு. இந்த விவரம் பெரும்பாலும் கார்டின் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

கார்டு ஆங்கிலத்தில் இருந்தால், மொழிபெயர்ப்புச் செயலியின் கேமராவில் படமெடுத்துத் தமிழில் படிக்கலாம். கார்டை மடிப்பில்லாமல் மேசையில் விரித்து, இரு பக்கமும் தனித்தனியாக எடுங்கள். பொடி எழுத்துப் பகுதியைக் கிட்டத்தில் வைத்து இன்னொரு படம் எடுங்கள். தேதி, ஆண்டு, மாடல் எண் ஆகியவற்றை மட்டும் அசல் கார்டிலேயே ஒருமுறை சரிபாருங்கள். மங்கலான படத்தில் 5 என்பது 6 ஆகிவிடும்.

தமிழில் பொருந்தாத சொல் வந்தால் கவனம் தேவை. உதாரணமாக, 'வாரண்டி வெற்றிடம்' என்று வரலாம். அதற்கு 'வாரண்டி செல்லாது' என்று பொருள். வெளி மெக்கானிக் பிரித்தால் வாரண்டி செல்லாது என்ற நிபந்தனை பல கார்டுகளில் இருக்கிறது. எனவே பதில் வரும்வரை மிக்ஸியை யாரிடமும் கொடுத்துப் பிரிக்காதீர்கள்.

அடுத்து மின்னஞ்சல். மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டாமல், எந்தப் பிரிவு என்று சுட்டி, அசல் படத்தை இணையுங்கள். மாதிரி இதோ:

பொருள்: மிக்ஸி மோட்டார் பழுது – வாரண்டி கோரிக்கை – பில் எண் 4172

ஐயா/அம்மா,
தங்கள் கடையில் 10.6.2023 அன்று மிக்ஸி வாங்கினேன். 4.9.2025 முதல் மோட்டார் ஓடவில்லை. வேறு ஜாரும் வேறு பிளக் பாயிண்டும் மாற்றிப் பார்த்தும் பயனில்லை. வாரண்டி கார்டின் 3-ஆம் பிரிவில், மோட்டாருக்கு வாங்கிய நாளிலிருந்து 5 ஆண்டுகள் வாரண்டி என உள்ளது. மிக்ஸியை யாரும் பிரிக்கவில்லை. மோட்டாரைக் கட்டணமின்றிப் பழுதுபார்த்தோ மாற்றியோ தருமாறு கேட்டுக்கொள்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவும்.
இணைப்பு: பில், கார்டின் இரு பக்கம், வரிசை எண் ஒட்டிய அடிப்பகுதி.

வாரண்டி தருவது தயாரிப்பு நிறுவனம் என்பதால், கார்டிலுள்ள அதன் சேவை முகவரிக்கும் இதே மின்னஞ்சலின் நகலை அனுப்புங்கள். மோட்டார் வாரண்டியில் சர்வீஸ் கூலி அடங்குமா என்பதையும் கார்டில் பார்த்துக்கொள்ளுங்கள், சிலவற்றில் அடங்காது.

ஆன்லைனில் வாங்கியிருந்தால், 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி குறைதீர்க்கும் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். பதிலே வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அப்போது நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலும் அதன் தேதியும்தான் முதல் ஆதாரம். அதை அழிக்காமல் வைத்திருங்கள்.