ஆடும் ஊசல் ஏன் தானே நிற்கிறது?

ஒரே நீளமுள்ள இரண்டு ஊசல்களை அருகருகே தொங்கவிட்டு, அவற்றின் குண்டுகளை மெல்லிய சுருள்வில் ஒன்றால் இணைப்போம். இடது குண்டை மட்டும் 4 செ.மீ. இழுத்து, வலது குண்டை அதன் இடத்திலேயே பிடித்து, இரண்டையும் ஒன்றாக விடுவோம். முதலில் இடது ஊசல் மட்டும் ஆடும். சில வினாடிகளில் அதன் ஆட்டம் குறைய, வலது ஊசல் ஆடத் தொடங்கும். ஒரு கட்டத்தில் இடது ஊசல் ஏறக்குறைய நின்றுவிடும். பிறகு ஆட்டம் மீண்டும் இடப்பக்கமே திரும்பி வரும்.

சுருள்வில் ஆற்றலைக் கடத்துகிறது என்பது உண்மைதான். ஆனால், ஆளுக்குப் பாதி என்று பங்கிட்டதோடு நிற்காமல், முழுவதையும் கொடுத்துவிட்டு ஏன் திரும்ப வாங்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒவ்வொரு ஊசலின் நீளமும் 1 மீட்டர், குண்டின் நிறை 0.5 கிலோகிராம் என்று கொள்வோம். சுருள்வில்லின் மாறிலி மீட்டருக்கு 0.5 நியூட்டன். நடுநிலையிலிருந்து குண்டுகள் நகர்ந்த தூரத்தை x₁, x₂ என்று குறிப்போம். புவியீர்ப்பு ஒவ்வொரு குண்டையும் 9.8 × நகர்ந்த தூரம் என்ற முடுக்கத்தோடு நடுநிலைக்கு இழுக்கிறது. சுருள்வில்லின் இழுப்பு, இரு தூரங்களின் வேறுபாட்டைப் பொறுத்தது. 0.5 ÷ 0.5 = 1 என்பதால்,

x₁-இன் முடுக்கம் = −(10.8x₁ − x₂)
x₂-இன் முடுக்கம் = −(−x₁ + 10.8x₂)

அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்களை 10.8, −1 என்று ஒரு வரிசையாகவும் −1, 10.8 என்று மறு வரிசையாகவும் எழுதினால் ஓர் அணி கிடைக்கும். ஐந்தாம் படிவத்தில் மெட்ரிக்ஸ் என்று படிப்பது இதைத்தான்.

இந்த அணியால் நமது தொடக்க நிலையான (4, 0)-ஐப் பெருக்கினால் (43.2, −4) வருகிறது. வலது குண்டு நகரவே இல்லை. ஆனாலும் அதற்கு முடுக்கம் உண்டு. ஆகவே (4, 0) என்ற வடிவம் நிலைக்காது. இப்போது இரண்டையும் ஒரே பக்கம் இழுத்து, (4, 4)-ஐப் பெருக்குங்கள். விடை (39.2, 39.2), அதாவது 9.8 × (4, 4). எதிரெதிர்ப் பக்கமாக இழுத்தால் (4, −4), விடை (47.2, −47.2), அதாவது 11.8 × (4, −4). இவ்விரண்டிலும் வடிவம் அப்படியே இருக்கிறது. அளவு மட்டும் மாறுகிறது. இப்படி வடிவம் மாறாதவற்றை அந்த அணியின் ஐகன் திசையன்கள் என்கிறோம். 9.8, 11.8 ஆகியவை ஐகன் மதிப்புகள்.

இந்த எண்களின் பொருளைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் ஆடும்போது சுருள்வில் நீள்வதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. அதனால் தனி ஊசலுக்குரிய 9.8 மட்டுமே மிஞ்சுகிறது. ஓர் ஆட்டத்திற்கு 2.01 வினாடி ஆகும். எதிரெதிராக ஆடும்போது சுருள்வில் இரு மடங்கு நீள்கிறது. அதனால் 9.8 + 2 = 11.8, ஓர் ஆட்டத்திற்கு 1.83 வினாடி போதும்.

இனி நமது புதிருக்கு வருவோம். (4, 0) = (2, 2) + (2, −2). நாம் ஓர் ஊசலை ஆட்டியதாக நினைத்தோம். உண்மையில் இரண்டு ஆட்டங்களைச் சம அளவில் தொடங்கி வைத்தோம். இரண்டாவது ஆட்டம் வேகமானது. 10.3 வினாடியில் அது மற்றதைவிட அரை ஆட்டம் முந்திவிடுகிறது, அதாவது அதன் குறி மாறுகிறது. அப்போது (2, 2) − (2, −2) = (0, 4). இடது ஊசல் நிற்க, வலது ஊசல் முழு வீச்சில் ஆடுகிறது. 20.6 வினாடியில் ஒரு முழு ஆட்டம் முந்தியதும், பழைய (4, 0) நிலை திரும்புகிறது. ஆக, இரண்டு ஆட்டங்களும் ஒன்றுக்கொன்று எதையும் கொடுப்பதில்லை. ஒன்று மற்றதை முந்துவதே நமக்குக் கைமாற்றமாகத் தெரிகிறது.

செய்து பார்க்கும்போது இடது ஊசல் நிற்கவே இல்லையா? கயிறுகளின் நீளத்தைச் சரிபாருங்கள். வலது கயிறு 10 செ.மீ. குட்டையாக இருந்தால் ஐகன் திசையன்களே மாறிவிடும். (4, 0) சம பாதிகளாகப் பிரியாது. இடது ஊசலின் வீச்சு 1.9 செ.மீ.க்குக் கீழே இறங்காது. சுருள்வில்லை மாட்டும் முன்பே ஒவ்வோர் ஊசலையும் தனியாக 20 முறை ஆடவிட்டு நேரம் பாருங்கள். இரண்டு நேரங்களும் ஒத்திருக்க வேண்டும். இழுக்கும் தூரத்தையும் சிறிதாகவே வையுங்கள். பெரிய கோணத்தில் ஆடினால், நாம் போட்ட எளிய சமன்பாடு பொருந்தாது.